ஹயரிங் மேனேஜரிடம் 15 நிமிடம் கேட்டு எழுதும் மின்னஞ்சல்: மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு வேலை விளம்பரத்தைப் பார்க்கிறீர்கள். தகுதி ஓரளவு பொருந்துகிறது. ஆனால் அந்தக் குழு அன்றாடம் என்ன செய்கிறது, புதிதாகச் சேருபவர் எதில் கை வைப்பார் என்பதெல்லாம் விளம்பரத்தில் இல்லை. அதைத் தெரிந்தவர் அந்தக் குழுவை நடத்துபவர்தான். அவரிடம் 15 நிமிடம் பேச நேரம் கேட்டு எழுதும் மின்னஞ்சலைப் பற்றியது இது. வேலை கேட்கும் கடிதத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அப்படிக் குழப்புவதால் இத்தகைய மின்னஞ்சல்கள் பலவற்றுக்குப் பதில் வராமலே போகிறது.

ஒரு உதாரணத்தையே கடைசிவரை எடுத்துக்கொள்வோம். மீனா கோவையில் இசிஇ இறுதியாண்டு படிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சார ஸ்கூட்டர் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில், பேட்டரி மேலாண்மைக்கான ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள்ளேயே இயங்கும் மென்பொருள், எழுதும் குழுவுக்கு ஜூனியர் இன்ஜினியர் தேவை என்று விளம்பரம் வந்திருக்கிறது. அந்தக் குழுவின் மேலாளர் ரமேஷ். நிறுவனமும் பெயர்களும் கற்பனை. மின்னஞ்சலை மீனா ஆங்கிலத்தில்தான் எழுதுவார். இங்கே தமிழில் தந்திருக்கிறோம், அமைப்பு ஒன்றுதான்.

யாருக்கு எழுதுவது

ஹயரிங் மேனேஜர் என்பவர் ஹெச்ஆர் அல்ல. ஹெச்ஆர் பிரிவில் இருக்கும் ரெக்ரூட்டர் விண்ணப்பங்களைப் பிரிப்பார், நேர்காணலுக்குத் தேதி போடுவார், சம்பளம் பேசுவார். வேலைக்குச் சேர்ந்த பிறகு உங்களுக்கு வேலை ஒதுக்கப்போகிறவர் ஹயரிங் மேனேஜர். குழுவைப் பற்றிய கேள்விக்கு ரெக்ரூட்டரிடம் பெரும்பாலும் பொதுவான பதில்தான் கிடைக்கும். சம்பளம், எத்தனை இடம், எத்தனை சுற்று என்ற கேள்விகளுக்கோ ரெக்ரூட்டர்தான் சரியான ஆள். கேள்வியும் ஆளும் பொருந்த வேண்டும்.

லிங்க்ட்இன் விளம்பரங்கள் சிலவற்றில் "Meet the hiring team" என்ற பகுதி இருக்கும். அங்கே இருக்கும் பெயர் ரெக்ரூட்டருடையதா மேலாளருடையதா என்று பதவிப் பெயரைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பெயரே இல்லையென்றால், அதே நிறுவனத்தில் வேலை பார்க்கும் உங்கள் கல்லூரி சீனியர் ஒருவரிடம் "இந்தக் குழுவை யார் நடத்துகிறார்?" என்று கேட்பதுதான் குறுக்குவழி.

மின்னஞ்சல் முகவரியை ஊகித்து அனுப்பாதீர்கள். நம் ஊர்ப் பெயர்களில் இந்த ஊகம் இன்னும் மோசமாகத் தவறும். இனிஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா, அப்பா பெயர் முழுதாக வருமா என்பது ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒவ்வொரு மாதிரி. ஒரே நிறுவனத்தில் நான்கு ரமேஷ்கள் இருந்தால், கடிதம் அக்கவுண்ட்ஸ் பிரிவு ரமேஷுக்குப் போய்ச் சேரலாம். முகவரி பொதுவில் கிடைக்கவில்லை என்றால் லிங்க்ட்இன் மெசேஜிலேயே கேட்கலாம், அல்லது சீனியர் மூலம் அவர் சம்மதத்தோடு வாங்கலாம்.

எழுதுவதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். அந்த நிறுவனம் உங்கள் கல்லூரிக்கு கேம்பஸ் தேர்வுக்கு வருகிறதா? வருகிறது என்றால் முதலில் பிளேஸ்மென்ட் அலுவலகத்தில் கேளுங்கள். மாணவர்கள் நிறுவனத்தை நேரடியாகத் தொடர்புகொள்ளக் கூடாது என்ற விதி சில கல்லூரிகளில் உண்டு. அதை மீறினால் கேம்பஸ் தேர்வில் உட்கார விடாமலும் போகலாம். அதேபோல், ஏற்கெனவே விண்ணப்பித்து நேர்காணல் சுற்றுகள் தொடங்கிவிட்டால் மேலாளருக்குத் தனியாக எழுத வேண்டாம். அந்தக் கட்டத்தில் எல்லாம் ரெக்ரூட்டர் வழியாகத்தான் போக வேண்டும்.

முதலில் கேள்வி, பிறகு கடிதம்

பலரும் கடிதத்தை "வணக்கம், என் பெயர்" என்று எழுத ஆரம்பித்து, கடைசியில் "உங்கள் குழுவைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை" என்று முடிக்கிறார்கள். அதைப் படிக்கும் மேலாளருக்கு ஒரு சிக்கல்: எதைப் பற்றிப் பேசுவது? என்ன தயார் செய்வது? இது வேலை கேட்கும் போன்தானோ? சந்தேகம் வந்ததும் "அப்புறம் பார்ப்போம்" என்று ஒதுக்கிவிடுவார். அந்த அப்புறம் வராது.

அதனால் கடிதத்தைத் தொடும் முன் கேள்வியைக் கண்டுபிடியுங்கள். மீனா எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று பார்ப்போம். முதலில் மனதில் தோன்றியதையெல்லாம் எழுதுகிறார்:

- உங்கள் நிறுவனம் என்னென்ன தயாரிக்கிறது?
- எந்த நிறுவனத்தின் செல்களை வாங்குகிறீர்கள்?
- ஃபிரஷருக்கு எவ்வளவு சம்பளம்?
- விளம்பரத்தில் சி, பைத்தான் இரண்டும் கேட்டிருக்கிறீர்களே, ஃபர்ம்வேர் குழுவில் பைத்தான் எதற்கு?

முதல் கேள்விக்கு இணையதளத்திலேயே பதில் இருக்கிறது. அதைக் கேட்டால் எதையும் படிக்காமல் எழுதியிருக்கிறீர்கள் என்று அவர் முடிவு கட்டிவிடுவார். இரண்டாவது, வெளியில் சொல்லக் கூடாத தகவலாக இருக்கலாம். சப்ளையர் யார், அடுத்த மாடல் எப்போது, பழைய பேட்டரியில் என்ன கோளாறு என்றெல்லாம் கேட்டால், பதில் சொல்ல விருப்பம் இருந்தாலும் அவரால் முடியாது. மூன்றாவது ஹெச்ஆரின் கேள்வி.

நான்காவதுதான் தங்கும். அது விளம்பரத்தை வரி வரியாகப் படித்தவருக்கு மட்டுமே தோன்றக்கூடியது, குழுவை நடத்துபவர் மட்டுமே பதில் சொல்லக்கூடியது. ஃபர்ம்வேர் வழக்கமாக சி-யில் எழுதப்படும். பைத்தான் பெரும்பாலும் அதைச் சோதிக்கும் ஸ்கிரிப்ட்டுகளுக்கு. அப்படியானால் எழுதுபவரே சோதிக்கிறாரா, தனி டெஸ்ட் குழு இருக்கிறதா? மீனாவுக்கு இது சும்மா கேட்கும் கேள்வியும் அல்ல. கல்லூரி புராஜெக்ட்டில் 4 லித்தியம் செல்களின் வோல்டேஜை அளந்து, வாகனத்தின் மின்னணுப் பாகங்கள் தகவல் பரிமாறிக்கொள்ளும் கேன் பஸ் வழியாக அனுப்பும் ஒரு சிறு போர்டு செய்தபோது, கோடு எழுதியதைவிட ரீடிங் சரியா என்று மல்டிமீட்டர் வைத்துச் சரிபார்ப்பதில்தான் அவருக்கு அதிக நாள் போயிருக்கிறது. அந்த வேலை அவருக்குப் பிடித்தும் இருக்கிறது. பதிலைப் பொறுத்து இந்த வேலை தனக்கு ஏற்றதா என்று முடிவு செய்ய முடியும். கேள்வி, விளம்பரம், சொந்த அனுபவம் மூன்றும் இப்படி ஒரு புள்ளியில் சேர்ந்தால் கடிதம் பாதி எழுதி முடிந்தது போலத்தான்.

பதில் வராத கடிதம்

மீனாவின் முதல் வரைவு இப்படி இருந்தது என்று வைத்துக்கொள்வோம்.

> பொருள்: வாய்ப்பு கோரி
>
> மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,
>
> நான் இசிஇ இறுதியாண்டு மாணவி. எனக்கு சிஜிபிஏ 8.4. எலக்ட்ரிக் வாகனத் துறையில் எனக்குச் சிறு வயதிலிருந்தே மிகுந்த ஆர்வம் உண்டு. உங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் பணியாற்றுவது என் கனவு. உங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கி என்னுடன் பேசினால் நன்றியுடையவளாக இருப்பேன். எப்போது வேண்டுமானாலும் பேசலாம். என் ரெஸ்யூமையும் பார்த்துக் கருத்துச் சொன்னால் நன்றாக இருக்கும். ஏதேனும் இடம் இருந்தால் ரெஃபர் செய்யவும்.

"ஐயா/அம்மா" என்று சாய்கோடு போட்டதுமே இது நூறு பேருக்குப் போன கடிதம் என்று தெரிந்துவிடுகிறது. நிறுவனத்தின் பெயரை மாற்றினால் சோப்புக் கம்பெனிக்கும் அனுப்பலாம். ஒரே கடிதத்தில் மூன்று கோரிக்கைகள்: பேசுங்கள், ரெஸ்யூம் பாருங்கள், ரெஃபர் செய்யுங்கள். மூன்றில் பெரியது எதுவோ அதைத்தான் படிப்பவர் கவனிப்பார். இங்கே அது ரெஃபரல். அவர் ஹயரிங் மேனேஜர், ரெஃபர் செய்யப்பட்டவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில் இருப்பவர். அவரிடமே ரெஃபரல் கேட்டால் தர்மசங்கடம்தான்.

"எப்போது வேண்டுமானாலும் பேசலாம்" என்ற வரியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பணிவாகத்தான் எழுதுகிறோம். ஆனால் அது வேலையை அவர் தலையில் வைக்கிறது. அவர் காலண்டரைத் திறந்து, இடம் தேடி, உங்களுக்கு வகுப்பு இருக்குமா என்று யோசித்து, ஒரு நேரம் முன்மொழிந்து, உங்கள் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டு நேரங்களைக் குறிப்பாகச் சொல்லியிருந்தால் "வியாழன் 4.30" என்று போனிலேயே தட்டிவிட்டுப் போயிருப்பார்.

அதே கடிதம், திருத்திய பிறகு

> பொருள்: 15 நிமிடம் பேச முடியுமா? பேட்டரி ஃபர்ம்வேர் குழு பற்றி, இசிஇ மாணவி
>
> வணக்கம் ரமேஷ்,
>
> நான் கோவையில் இசிஇ இறுதியாண்டு படிக்கிறேன். உங்கள் குழுவின் ஜூனியர் ஃபர்ம்வேர் இன்ஜினியர் விளம்பரத்தை லிங்க்ட்இன்னில் பார்த்தேன். விண்ணப்பிக்கும் எண்ணம் இருக்கிறது. அதற்கு முன் குழுவின் வேலையைச் சரியாகப் புரிந்துகொள்ள விரும்புகிறேன்.
>
> கல்லூரி புராஜெக்ட்டுக்காக 4 லித்தியம் செல்களின் வோல்டேஜை அளந்து கேன் பஸ்ஸில் அனுப்பும் ஒரு போர்டு செய்தேன். கோடு எழுதியதைவிட ரீடிங்கைச் சரிபார்க்கத்தான் அதிக நேரம் ஆனது. உங்கள் விளம்பரத்தில் சி, பைத்தான் இரண்டும் இருக்கின்றன. உங்கள் குழுவில் ஃபர்ம்வேர் எழுதுபவர்களே டெஸ்ட் ஸ்கிரிப்ட்டும் எழுதுகிறார்களா, அதற்குத் தனிக் குழு இருக்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.
>
> இதுபற்றி 15 நிமிடம் போனில் பேச முடியுமா? நவம்பர் 11 செவ்வாய், நவம்பர் 13 வியாழன் இரண்டு நாளும் மாலை 4 முதல் 6 வரை நான் ஃப்ரீ. உங்களுக்கு வேறு நேரம் வசதி என்றால் மாற்றிக்கொள்கிறேன். உங்களுக்கு இப்போது நேரம் இல்லையென்றால், குழுவில் வேறு யாரிடமாவது கேட்கலாமா என்று சொன்னாலும் உதவியாக இருக்கும்.
>
> நன்றி,
> மீனா
> இசிஇ இறுதியாண்டு, கல்லூரிப் பெயர், போன் எண்

போனில் ஓரிரு முறை விரலால் தள்ளுவதற்குள் படித்துவிடலாம். ஆங்கிலத்தில் எழுதும்போது 120 சொற்களைச் சுற்றி நிற்கட்டும்.

சில இடங்களை மட்டும் விளக்குவோம். பொருள் வரியில் கோரிக்கை முதலில் வருகிறது. போனில் பொருள் வரியின் முதல் சில சொற்கள்தான் தெரியும். "இறுதியாண்டு மாணவியின் பணிவான வேண்டுகோள்" என்று தொடங்கினால் விஷயம் வெட்டுப்பட்டுப் போய்விடும்.

விளிப்பில் பெயரை மட்டும் போடுவது நம் மாணவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். மரியாதைக் குறைவோ என்று பயம். ஐடி, தயாரிப்பு நிறுவனங்கள் பலவற்றில் மேலாளரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அங்கே இது இயல்பு. மனம் ஒப்பவில்லை என்றால் பெயருக்கு முன் மிஸ்டர் அல்லது மிஸ் சேர்த்துக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் எது அவர் பெயர், எது அப்பா பெயர் என்று பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். லிங்க்ட்இன்னில் "ரமேஷ் சுப்ரமணியன்" என்று இருந்தால் சுப்ரமணியன் பெரும்பாலும் அவருடைய அப்பா. ஆணா பெண்ணா என்று பெயரிலிருந்து தெரியாவிட்டால் பெயரை மட்டும் எழுதுவதே பாதுகாப்பு.

"விண்ணப்பிக்கும் எண்ணம் இருக்கிறது" என்ற வரி முக்கியமானது. வேலைக்காக இல்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்று சிலர் எழுதுகிறார்கள். அவர் நம்பமாட்டார். பேசிய மறுநாளே உங்கள் விண்ணப்பம் வந்து நிற்கும்போது நீங்கள் சொன்னது பொய்யாகிவிடும். உண்மையைச் சொல்லிவிட்டுக் கேள்வியைக் குழுவின் வேலையோடு நிறுத்துங்கள். ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தால் அதையும் வேலை எண்ணையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

சிஜிபிஏ கடிதத்தில் இல்லை. ரெஸ்யூமும் இணைக்கப்படவில்லை. ரெஸ்யூம் இணைத்தவுடன் கடிதம் விண்ணப்பமாக மாறிவிடும். அவரும் "கேரியர்ஸ் பக்கத்தில் அப்ளை செய்யுங்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். அவர் கேட்டால் அனுப்பலாம்.

அனுப்பும் முன் பார்க்க வேண்டியவை

கல்லூரி கொடுத்த முகவரியிலிருந்து அனுப்பினால் அனுப்புநர் பெயர் "22EC047 MEENA R" என்பதுபோல் ரோல் நம்பரோடு போகும். அதை உங்களால் மாற்ற முடியாமல் இருக்கலாம். மேலும் படிப்பு முடிந்ததும் அந்தக் கணக்கு மூடப்படலாம், மூன்று மாதம் கழித்து அவர் எழுதினால் உங்களுக்கு வராது. உங்கள் பெயரில் இருக்கும் சொந்த ஜிமெயில் நல்லது. அதில் அனுப்புநர் பெயரைச் சரிசெய்ய, கணினியில் ஜிமெயிலைத் திறந்து Settings போய் "Accounts and Import" பகுதியில் "Send mail as" என்பதன் பக்கத்தில் "edit info" அழுத்துங்கள். பிறகு நண்பர் ஒருவருக்கு அனுப்பி, அவர் போனில் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள்.

புராஜெக்ட் லிங்க் கொடுத்தால் ஒரே ஒரு லிங்க் போதும். அதை பிரவுசரின் இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து பாருங்கள். உங்கள் கணக்கில் லாகின் ஆகியிருக்கும்போது எல்லாமே திறக்கும், அதனால் கோளாறு கண்ணில் படாது. கிட்ஹப் ரெப்போ பிரைவேட்டாக இருந்தால் மற்றவர்களுக்கு 404 என்றுதான் வரும். கூகுள் டிரைவ் கோப்பு "Restricted" என்று இருந்தால் உங்களிடம் அனுமதி கேட்கும் பக்கம் வரும். அனுமதி கேட்டுக் காத்திருக்க அவருக்கு நேரம் கிடையாது.

பழைய கடிதத்திலிருந்து ஒட்டி எழுதினால் ஒட்டிய பகுதி மட்டும் வேறு எழுத்துருவில், சில சமயம் சாம்பல் நிறப் பின்னணியோடு போகும். Ctrl+Shift+V அழுத்தி ஒட்டினால் வெறும் எழுத்து மட்டும் வரும். பெறுநர் முகவரியைக் கடைசியாகப் போடுங்கள். பாதி எழுதும்போது கை தவறி அனுப்பிவிடும் ஆபத்து இல்லை.

இரவு 11 மணிக்கு எழுதி முடித்தால் அப்போதே அனுப்ப வேண்டாம். காலையில் அவர் பெட்டியைத் திறக்கும்போது உங்கள் கடிதம் கீழே போயிருக்கும். "Send" பொத்தான் பக்கத்தில் இருக்கும் அம்புக்குறியை அழுத்தி "Schedule send" மூலம் மறுநாள் காலை 9.30 மணிக்குப் போடலாம். திங்கள் காலையும் வெள்ளி மாலையும் தவிர்த்தால் நல்லது. நீங்கள் சொல்லும் நேரங்கள் கடிதம் போகும் நாளிலிருந்து நான்கைந்து வேலை நாள் தள்ளி இருக்கட்டும். மீனா நவம்பர் 4 செவ்வாய் அனுப்புகிறார், 11, 13 தேதிகளைச் சொல்கிறார். அந்த நேரத்தில் லேப் இருக்கிறதா என்று டைம்டேபிளைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். அவர் சம்மதித்த பிறகு நீங்கள் மாற்றச் சொன்னால் பெரும்பாலும் அத்தோடு முடிந்தது.

பதில் வந்தால், வராவிட்டால்

"சரி" என்று வந்தால் அன்றே பதில் எழுதி, நாள், நேரம், யார் யாரை அழைப்பது என்ற மூன்றையும் ஒரு வரியில் உறுதி செய்யுங்கள். நீங்கள் அழைப்பதுதான் முறை. 14ஆவது நிமிடத்தில் "நேரம் ஆகிவிட்டது, இத்தோடு முடித்துக்கொள்கிறேன்" என்று நீங்களே சொல்லுங்கள். அவர் பேச விரும்பினால் தொடரட்டும்.

"கேரியர்ஸ் பக்கத்தில் அப்ளை செய்யுங்கள்" என்று வந்தால் அது பேச விருப்பமில்லை என்பதன் நாகரிகமான வடிவம். சில நிறுவனங்களில் தேர்வு நடக்கும்போது விண்ணப்பதாரரோடு தனியாகப் பேச மேலாளருக்கு அனுமதியே இருக்காது. நன்றி சொல்லிவிட்டு அங்கேயே விண்ணப்பியுங்கள், வற்புறுத்த வேண்டாம்.

"என் குழுவில் இருக்கும் இவரோடு பேசுங்கள்" என்று இன்னொருவரை சிசியில் சேர்த்து எழுதினால் அது நல்ல பதில், ஒருவகையில் அவர் மேலாளரைவிட நல்ல ஆள். அதே கடிதத்துக்கு எல்லோருக்கும் பதில் போட்டு, ரமேஷுக்கு நன்றி சொல்லி, அவரை பிசிசிக்கு மாற்றிவிட்டு, புதியவரிடம் இரண்டு நேரங்களைச் சொல்லுங்கள். இனி நடக்கும் தேதிப் பேச்சு ரமேஷின் பெட்டியை நிரப்பாது, அவருக்கு நீங்கள் தொடர்ந்ததும் தெரிந்துவிடும்.

பதிலே வரவில்லை என்றால், நீங்கள் சொன்ன இரண்டு தேதிகளும் கடந்த பிறகு ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். மீனா நவம்பர் 17 திங்கள் மதியம், பழைய கடிதத்துக்கே பதிலாக எழுதுகிறார். புதிய கடிதமாக எழுதினால் முதலில் கேட்டது என்ன என்று அவர் தேட வேண்டியிருக்கும்.

> வணக்கம் ரமேஷ், டெஸ்ட் ஸ்கிரிப்ட் பற்றிய என் கேள்வி கீழே இருக்கிறது. 20 வியாழன், 21 வெள்ளி மாலை 4 முதல் 6 வரை பேச முடியும். போன் வேண்டாம் என்றால் இரண்டு வரியில் பதில் எழுதினாலும் போதும். நன்றி, மீனா

கடைசிக்கு முந்தைய வரி அவருக்கு இன்னும் எளிய வழியைத் திறந்துவிடுகிறது. 15 நிமிடம் இல்லாதவருக்கும் இரண்டு வரி எழுத நேரம் இருக்கலாம். "என் முந்தைய மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை" என்று தொடங்காதீர்கள். குற்றம் சாட்டுவதுபோல் கேட்கும்.

இதற்கும் பதில் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். வாட்ஸ்அப்பில் தேடிப் பிடிப்பது, அவருடைய மேலாளருக்கு எழுதுவது இரண்டும் வேண்டாம். விண்ணப்பத்தை வழக்கமான வழியில் போடுங்கள். டெஸ்ட் ஸ்கிரிப்ட் பற்றிய அந்தக் கேள்வி வீணாகாது. நேர்காணலின் முடிவில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள், அப்போது அதையே கேட்கலாம்.